தாது வருஷப் பஞ்சம், 1876–78: இரண்டு பத்திக் குறிப்பு

பி.ஏ. வரலாறு, இரண்டாம் ஆண்டு. செவ்வாய், புதன் இரண்டு நாளும் நடந்த வகுப்பு.

நீ ஊருக்குப் போயிருந்தபோது நடந்த பாடம். மேடம் கால்வாயில் ஆரம்பித்து, டெல்லிக்குப் போய், அங்கிருந்து கூலிக்கு வந்து, மணி அடிக்கும்போதுதான் மழையைப் பற்றிச் சொன்னார். என் நோட்டில் அது அப்படியேதான் கிடந்தது. இங்கே கேள்வி வாரியாக மாற்றி அடுக்கியிருக்கிறேன். வலப்பக்கத்தை ஒரு தாளால் மூடிக்கொண்டு, இடப்பக்கத்தை மட்டும் பார்த்து வாய்விட்டுச் சொல். தடுமாறினால் மட்டும் தாளை நகர்த்து. நட்சத்திரம் போட்டது மேடம் அழுத்திச் சொன்னது. "என்:" என்று இருப்பது நான் சேர்த்தது, அதைப் பரீட்சையில் அவர் சொன்னதாக எழுதிவிடாதே.

பக்கம் 1: மழை, விலை, தானியம்

| கேள்வி | குறிப்பு |
|---|---|
| எப்போது? எங்கெல்லாம்? | 1876இல் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பொய்த்தன. தமிழ் ஆண்டுக் கணக்கில் அது தாது (1876–77), அதனால்தான் இந்தப் பெயர். சென்னை மாகாணம், மைசூர், பம்பாய் மாகாணத்தின் தக்காணப் பகுதி, ஐதராபாத். இரண்டாம் வருஷம் வடக்கே, பின்னாளில் ஐக்கிய மாகாணம் ஆன பகுதிகளுக்கும் பரவியது. |
| இங்கே மட்டுமா? | இல்லை. அதே காலத்தில் வட சீனாவிலும் வடகிழக்கு பிரேசிலிலும் கொடிய வறட்சி. 1877–78இல் வலுவான எல் நினோ, அதாவது பசிபிக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை, இருந்ததை இன்றைய காலநிலை ஆய்வு காட்டுகிறது. ஆனால் வறட்சி வேறு, பஞ்சம் வேறு. ★ எல் நினோவை எழுதிவிட்டு அங்கேயே நிறுத்தினால் பாதி மதிப்பெண்தான். |
| தானியமே இல்லையா? | ★★ இருந்தது. கடைகளிலும் கிடங்குகளிலும் இருந்தது. வாங்கப் பணம்தான் இல்லை. பாடத்தின் மையமே இதுதான். |
| யாருக்கு முதலில் பட்டினி? | நிலமில்லாத கூலிக்காரர்கள், நெசவாளர்கள், கிராமக் கைவினைஞர்கள். விதைப்பு நின்றதும் கூலி நின்றது. ஊரில் யாரும் துணி வாங்காததால் தறியும் நின்றது. அதே மாதங்களில் அரிசி, சோளம் விலை பல மடங்கு. சொந்த நிலம் வைத்திருந்த சிறு விவசாயி கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தார்: முதலில் நகை, பிறகு மாடு, கடைசியில் நிலம். |
| ரயில் காப்பாற்றவில்லையா? | தண்டவாளம் இருந்தது. சென்னை–பம்பாய் பாதை 1871லேயே இணைந்துவிட்டது. ஆனால் வியாபாரியின் சரக்கு விலை அதிகம் கிடைக்கும் ஊருக்குத்தான் போகும், பசி அதிகமுள்ள ஊருக்கு அல்ல. பஞ்சமில்லாத ஊரிலும் விலை ஏறியது. என்: "ரயில் பஞ்சத்தைத் தீர்த்தது", "ரயில்தான் பஞ்சத்தைக் கொண்டுவந்தது" இரண்டுமே அரைகுறை. தானியத்தையும் ரயில்தான் கொண்டுவந்தது, விலையேற்றத்தையும் ரயில்தான் பரப்பியது. |
| ஏற்றுமதி? | 1877–78இல் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போன கோதுமை சுமார் 3,20,000 டன். பெரும்பாலும் வட இந்தியச் சரக்கு. "சென்னை அரிசியைக் கப்பலேற்றினார்கள்" என்று இந்த எண்ணை வைத்து எழுதக் கூடாது. ★ |
| அரசு ஏன் தடுக்கவில்லை? | வைஸ்ராய் லிட்டன் (1876–80): விலையைக் குறைப்பதற்காக அரசு சந்தையில் தலையிடக் கூடாது. ஆடம் ஸ்மித் சொன்ன தடையில்லா வணிகமே வேதம். |

அடிப்பட்டை: மழை தவறியதால் வேலை போனது, வேலை போனதால் வாங்கும் சக்தி போனது. விலையோ எட்டாத உயரத்தில். தானியம் நாட்டில் இருந்தபோதே கூலிக்காரர் வீட்டில் அடுப்பு எரியவில்லை. சந்தையில் கை வைக்க மாட்டேன் என்று அரசு எடுத்த முடிவும் காரணங்களில் ஒன்று.

பக்கம் 2: ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும்

(இந்தப் பக்கம்தான் நீளம். பத்து மதிப்பெண் கேள்வி இங்கிருந்துதான் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது.)

| கேள்வி | குறிப்பு |
|---|---|
| 1866 → 1874 → 1877: அம்புக்குறி எதற்கு? | ★ மேடம் பலகையில் போட்ட படம். 1866 ஒரிசா: அரசு கைகட்டி நின்றது, சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், கடும் கண்டனம். 1873–74 பீகார்: பர்மாவிலிருந்து அரிசி இறக்கினார்கள், சாவு மிகக் குறைவு, ஆனால் "இவ்வளவு செலவா" என்று கண்டனம். 1877: அந்த இரண்டாவது திட்டுக்குப் பயந்த அரசு. |
| ரிச்சர்ட் டெம்பிள் யார்? | பீகாரில் அரிசி இறக்கிய அதே ஆள். அப்போது வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னர். 1877 ஜனவரியில் பஞ்சப் பிரதிநிதியாகச் சென்னைக்கு வந்தவர், இந்த முறை சிக்கனத்தைக் கையில் எடுத்தார். |
| "டெம்பிள் கூலி" எவ்வளவு? | நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு 1 பவுண்டு தானியம், அதோடு 1 அணா. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இன்னும் குறைவு. |
| நம் கணக்கில்? | 1 பவுண்டு = 454 கிராம். நாள் முழுதும் மண் வெட்டி, கல் உடைத்து, கூடை சுமக்கும் ஆளுக்கு இதுதான் மொத்தச் சாப்பாடு. ரூபாய்க்கு 16 அணா. மிச்சமிருக்கும் ஓரணாவில் பருப்பு, உப்பு, மிளகாய், விறகு எல்லாம் பஞ்ச விலையில் வாங்க வேண்டும். |
| எதிர்த்தவர்? | கார்னிஷ், சென்னை மாகாணச் சுகாதார ஆணையர். உழைக்கும் உடம்புக்குக் குறைந்தது 1½ பவுண்டு (680 கிராம்) தானியமும் அதோடு காய்கறி, பருப்பும் வேண்டும் என்றார். டெம்பிள் இதைச் சோதனையாகப் பார்த்தார், கார்னிஷ் உடம்பைப் பார்த்தார். மேடம் சொன்ன ஒரு வரி: "கார்னிஷிடம் எடைத் தராசு இருந்தது, டெம்பிளிடம் கணக்குப் புத்தகம் இருந்தது." |
| மாறியதா? | 1877லேயே பிறகு 1¼ பவுண்டு (567 கிராம்) ஆக்கினார்கள், கூடவே சுமார் 40 கிராம் பருப்பு. கார்னிஷ் கேட்டதைவிடக் குறைவுதான். அதற்குள் காலம் போய்விட்டது. ★ இந்த இடைவெளியைக் கட்டாயம் எழுது. |
| தூரச் சோதனை என்றால்? | உடல் திடமுள்ளவருக்குச் சொந்த ஊர்ப் பக்கத்தில் வேலை கிடையாது. பத்து மைல் (16 கி.மீ.) தள்ளியுள்ள முகாமுக்கு நடந்து போக வேண்டும். உண்மையிலேயே தேவைப்படுபவர்தான் அவ்வளவு தூரம் வருவார் என்பது அவர்கள் தர்க்கம். அதிகமாகத் தேவைப்பட்டவரால்தான் நடக்கவே முடியாது. என்: இதை அப்போதே யாரும் கேட்கவில்லையா என்று கையைத் தூக்கினேன். "கேட்டார்கள், கேட்டவர்கள் கீழ்மட்டத்தில் இருந்தார்கள்" என்றார் மேடம். |
| கஞ்சித் தொட்டி? | வேலை செய்ய முடியாத முதியவர், நோயாளி, குழந்தைகளுக்குச் சமைத்த உணவு. கூலி வேறு, இது வேறு. குழப்பாதே. |
| சென்னை கவர்னர் என்ன செய்தார்? | பக்கிங்ஹாம் கோமகன் (1875–80). ஆரம்பத்திலேயே அரசுக் கணக்கில் 30,000 டன் தானியம் வாங்க ஏற்பாடு செய்தார். லிட்டனுக்குக் கோபம். டெம்பிளை அனுப்பியதன் பின்னணி இது. இவரை நல்லவர், அவரைக் கெட்டவர் என்று கதை கட்ட வேண்டாம் என்று மேடம் எச்சரித்தார். பக்கிங்ஹாமின் நிவாரணத்திலும் ஓட்டைகள் நிறைய. |
| 1 ஜனவரி 1877? | டெல்லி தர்பார். விக்டோரியா இந்தியாவின் பேரரசி என்ற அறிவிப்பு. டெம்பிள் தெற்கே வந்த அதே மாதம். |

அடிப்பட்டை: பீகாரில் செலவழித்ததற்காகத் திட்டு வாங்கியவர், சென்னையில் கூலியை உயிர் தரிக்கும் அளவுக்கும் கீழே வைத்தார். தூரச் சோதனையும் சேர்ந்து, நிவாரணத்தை உதவியாக இல்லாமல் வடிகட்டியாக மாற்றியது. சொந்த அதிகாரியே ஆதாரத்தோடு எதிர்த்தும் திருத்தம் தாமதமாகவும் அரைகுறையாகவும் வந்தது.

பக்கம் 3: எண்களும் எச்சங்களும்

| கேள்வி | குறிப்பு |
|---|---|
| எத்தனை பேர் இறந்தார்கள்? | நேரடி பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கு மேல். பிற்கால மதிப்பீடுகள் இன்னும் மேலே போகின்றன. ஒரே எண்ணை எழுதி அடிக்கோடு போடாதே. |
| சென்சஸ் என்ன காட்டுகிறது? | சென்னை மாகாணம்: 1871இல் சுமார் 3.12 கோடி, 1881இல் சுமார் 3.08 கோடி. பத்து வருஷத்தில் ஏறியிருக்க வேண்டிய எண்ணிக்கை இறங்கியிருக்கிறது. ★ அந்த 4 லட்சம்தான் செத்தவர் கணக்கு என்று போனவருஷம் யாரோ எழுதினார்களாம். பிறக்காமல் போனது, புலம்பெயர்ந்தது, இடையில் பிறந்து ஈடுகட்டியது எல்லாம் அதற்குள் இருக்கிறது. |
| பசியால் மட்டுமா? | காலரா, அம்மை, வயிற்றுப்போக்கு. மழை திரும்பியதும் காய்ச்சல். பதிவேட்டில் நோயின் பெயர்தான் இருக்கும், பசி இருக்காது. |
| பக்கிங்ஹாம் கால்வாய்? | முழுக் கால்வாயும் பஞ்சத்தில் வெட்டியது அல்ல. பகுதி பகுதியாக அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே வெட்டியது. 1877–78இல் நிவாரண வேலையாக வெட்டியது கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. பெயர் கவர்னருடையது. இன்று பறக்கும் ரயில் இதை ஒட்டியும் இதன் மேலும்தான் ஓடுகிறது. |
| புகைப்படம்? | ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்தவை. எலும்பும் தோலுமாய் வரிசையாக உட்கார வைத்த படங்கள். உதவாமல் படம் பிடித்தார் என்று அவருக்குக் கண்டனமும் உண்டு. மேடம் ஒரே ஒரு படத்தைத் திரையில் காட்டிவிட்டு உடனே மாற்றிவிட்டார். |
| ஊரை விட்டு? | சிலோன் காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்கள் இந்த வருஷங்களில் எக்கச்சக்கம். |
| அப்புறம் அரசு? | 1878: வருஷத்துக்கு 1½ கோடி ரூபாய் ஒதுக்கும் பஞ்சக் காப்பீட்டு நிதி. 1878–80: ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையில் பஞ்சக் கமிஷன். 1883: பஞ்ச விதித்தொகுப்பு. எந்த அறிகுறி தெரிந்தால் எந்த வேலையைத் திறப்பது என்று முன்கூட்டியே எழுதி வைத்தார்கள். |
| இன்னும் விளங்காதது | என்: விதித்தொகுப்பு வந்த பிறகும் 1896–97இலும் 1899–1900இலும் பெரும் பஞ்சம் வந்ததே. விதியில் குறையா, அறிவிப்பதில் தயக்கமா? மேடம் "வெள்ளிக்கிழமை" என்றார். |

அடிப்பட்டை: சாவு எண்ணிக்கை சர்ச்சைக்குரியது, ஆனால் சென்சஸ் சரிவு சர்ச்சைக்குரியது அல்ல. நிவாரண வேலை கால்வாயாக நிற்கிறது, நிவாரணக் கொள்கை 1883 விதிகளாக மாறியது. வெள்ளிக்கிழமை ஸ்ட்ரேச்சி கமிஷனிலிருந்து தொடக்கம். அன்றைக்கு நீ வந்துவிடு, அடுத்த பக்கத்து இடப்பத்தியை நீதான் எழுதப் போகிறாய்.