கன்சைன்மென்ட் கணக்குகள்: பயிற்சித் தாள் (பி.காம். இரண்டாம் பருவம், கடலூர் மாலை வகுப்பு)

மூன்று கணக்குகள் இருக்கின்றன. முதல் கணக்கை முழுசாகப் போட்டுக் காட்டியிருக்கிறேன், இரண்டாவதற்குத் திருப்பங்களை மட்டும். மூன்றாவது உங்கள் வேலை, விடை மட்டும் கடைசியில் இருக்கிறது. எந்தக் கணக்காக இருந்தாலும் பேனாவை எடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: சரக்கு எந்த இடத்தில் போனது? வழியிலா, முகவர் குடோனுக்கு வந்த பிறகா? பாதி மதிப்பெண் அந்தப் பதிலில் இருக்கிறது.

கணக்கு 1

பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவர் கோயம்புத்தூர் முகவருக்கு 200 டின் முந்திரிப் பருப்பு அனுப்பினார். ஒரு டின்னின் அடக்கவிலை ₹8,000. அனுப்புநர் கொடுத்தவை: லாரி வாடகை ₹12,000, ஏற்றுக்கூலி ₹2,000, காப்பீடு ₹6,000. முகவரிடமிருந்து முன்பணமாக ₹5,00,000-க்கு வங்கி வரைவோலை வந்தது.

உளுந்தூர்பேட்டை அருகே லாரி பள்ளத்தில் இறங்கியதில் 10 டின் நசுங்கி முற்றிலும் வீணாயின. காப்பீட்டு நிறுவனம் ₹60,000 கொடுத்தது. மீதி 190 டின் முகவரிடம் போய்ச் சேர்ந்தன. இறக்குகூலியும் குடோன் வரை வண்டிச் சத்தமும் சேர்த்து ₹3,800, குடோன் வாடகை ₹5,000, விற்பனைச் செலவு ₹4,500 ஆகியவற்றை முகவர் கொடுத்தார். 150 டின்னை டின் ₹9,400 வீதம் விற்றார். கமிஷன் விற்பனையில் 4%, அதோடு மொத்த விற்பனையில் 1% டெல் கிரெடரி கமிஷன். கடனுக்கு வாங்கிய ஒரு மளிகைக் கடைக்காரர் ₹7,000 தராமல் கைவிரித்துவிட்டார்.

அனுப்புநர் ஏட்டில் கன்சைன்மென்ட் கணக்கும் முகவர் கணக்கும் தயாரிக்கவும்.

தீர்வு

முதலில் அசாதாரண நட்டம். 10 டின்னும் வழியிலேயே போய்விட்டன. ஆகவே அதுவரை ஆன செலவு மட்டும்தான் அவற்றின் மேல் ஏறும். அனுப்புநர் செலவு ₹20,000-ஐ 200-ஆல் வகுத்தால் டின்னுக்கு ₹100. நட்டம் 10 × 8,100 = ₹81,000.

அடுத்து இறுதிச் சரக்கிருப்பு. விற்காமல் நிற்பவை 200 − 10 − 150 = 40 டின். இவை குடோன் வரை வந்துவிட்டதால் இறக்குகூலியிலும் வண்டிச் சத்தத்திலும் பங்கு உண்டு. ₹3,800-ஐ இங்கே 190-ஆல் வகுக்க வேண்டும், 200-ஆல் அல்ல. வராத டின்னை யாரும் இறக்கவில்லை. டின்னுக்கு ₹20. இருப்பு 40 × 8,120 = ₹3,24,800. குடோன் வாடகையும் விற்பனைச் செலவும் சரக்கு வந்து சேர்ந்த பிறகு ஆனவை. இருப்பின் மதிப்பில் அவற்றைச் சேர்க்கக் கூடாது. சந்தை விலை இதைவிடக் குறைவு என்று கேள்வியில் சொல்லியிருந்தால் அந்தக் குறைந்த விலையில் மதிப்பிடுங்கள். சொல்லவில்லை என்றால் அதைத் தேடி அலைய வேண்டாம்.

கமிஷன்: விற்பனை 150 × 9,400 = ₹14,10,000. 4% என்றால் ₹56,400. 1% என்றால் ₹14,100. மொத்தம் ₹70,500. நசுங்கிய டின்னுக்கும் நிற்கிற டின்னுக்கும் கமிஷன் கிடையாது.

கன்சைன்மென்ட் கணக்கு

| பற்று | ₹ | வரவு | ₹ |
|---|---|---|---|
| அனுப்பிய சரக்கு | 16,00,000 | முகவர் (விற்பனை) | 14,10,000 |
| வங்கி (செலவுகள்) | 20,000 | அசாதாரண நட்டம் | 81,000 |
| முகவர் (செலவுகள்) | 13,300 | இறுதிச் சரக்கிருப்பு | 3,24,800 |
| முகவர் (கமிஷன்) | 70,500 | | |
| லாப நட்டக் கணக்கு (லாபம்) | 1,12,000 | | |
| மொத்தம் | 18,15,800 | மொத்தம் | 18,15,800 |

காப்பீட்டுத் தொகை ₹60,000 இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை, பார்த்தீர்களா? நட்டத்தை முழுசாக ₹81,000 என்றே வரவு வைக்க வேண்டும். ₹60,000-ஐ அசாதாரண நட்டக் கணக்கில் வரவு வைத்து, மீதி ₹21,000-ஐ லாப நட்டக் கணக்குக்குக் கொண்டுபோக வேண்டும். இங்கேயே கழித்து ₹21,000 என்று போட்டால் லாரி விபத்தின் பாரம் கன்சைன்மென்ட் தலையில் விழும். வியாபாரம் லாபமா இல்லையா என்பதே தெரியாமல் போகும்.

முகவர் கணக்கு: பற்றில் விற்பனை ₹14,10,000. வரவில் முன்பணம் ₹5,00,000, செலவு ₹13,300, கமிஷன் ₹70,500. அவர் இன்னும் தர வேண்டியது ₹8,26,200.

அப்புறம் அந்த ₹7,000? டெல் கிரெடரி கமிஷன் வாங்கிக்கொண்டவர் வாராக்கடனையும் சுமக்க வேண்டும். அனுப்புநர் ஏட்டில் அதற்குப் பதிவே இல்லை. கேள்வியில் ஒரு தொகை வந்துவிட்டாலே எங்காவது எழுதியாக வேண்டும் என்று கை பரபரக்கும், இங்கே அடக்கிக்கொள்ளுங்கள்.

சரிபார்க்க ஒரு குறுக்குவழி: விற்ற ஒவ்வொரு டின்னிலும் 9,400 − 8,120 = ₹1,280 கிடைக்கிறது. 150 டின்னுக்கு ₹1,92,000. அதில் வாடகையும் விற்பனைச் செலவும் ₹9,500, கமிஷன் ₹70,500 போனால் ₹1,12,000. பொருந்துகிறது.

கணக்கு 2

கடலூர் முதுநகரிலிருந்து சேலத்துக்கு 1,000 கிலோ நெத்திலிக் கருவாடு போகிறது. அடக்கவிலை கிலோ ₹285, அனுப்புநர் செலவு ₹9,500. ஈரம் காய்ந்து, அனுப்பிய எடையில் 5% குறைவது இந்தச் சரக்கில் வழக்கம். அது போக, வழியில் மழையில் நனைந்து 30 கிலோ கெட்டுப்போனது; காப்பீடு இல்லை. முகவர் 800 கிலோவைக் கிலோ ₹390-க்கு விற்றார், விற்பனைச் செலவு ₹4,000. கமிஷன்: கிலோ ₹360 வரையிலான விலைக்கு 5%, அதற்கு மேல் கிடைப்பதில் 20%.

காய்ந்து குறையும் 50 கிலோ சாதாரண நட்டம். அதற்குத் தனிப் பதிவு எதுவும் போட வேண்டாம், மீதிச் சரக்கே அதைத் தாங்கிக்கொள்ளும். மொத்த அடக்கம் ₹2,94,500-ஐ 950-ஆல் வகுத்தால் கிலோ ₹310. நனைந்த 30 கிலோவுக்கும் இதே விலைதான்: ₹9,300. இருப்பு 950 − 30 − 800 = 120 கிலோ, ₹37,200.

கமிஷனில் 800 × 360 = ₹2,88,000-க்கு 5% ₹14,400. கூடுதலாகக் கிடைத்த ₹24,000-க்கு 20% ₹4,800. மொத்தம் ₹19,200. மொத்த விற்பனை ₹3,12,000-க்கும் 5% போட்டு, மேலே 20%-ஐயும் சேர்ப்பவர்கள் கேள்வியை இன்னொரு தடவை படிக்க வேண்டும்.

கன்சைன்மென்ட் லாபம் ₹40,800.

கணக்கு 3

குறிஞ்சிப்பாடி நெசவாளர் ஒருவர் புதுச்சேரி கடைக்கு 500 கைத்தறி லுங்கிகளை அடக்கத்துக்கு மேல் 25% கூட்டி, லுங்கி ₹400 என்று பட்டியல் போட்டு அனுப்பினார். அனுப்புச் செலவு ₹5,000. வழியில் 20 லுங்கிகள் களவு போயின, காப்பீடு இல்லை. கடைக்காரர் 400 லுங்கிகளை ₹430 வீதம் விற்றார், அவர் செய்த விற்பனைச் செலவு ₹2,400, கமிஷன் விற்பனையில் 5%. பட்டியல் விலை முறையில் கன்சைன்மென்ட் கணக்கு தயாரிக்கவும்.

ஒரு குறிப்பு மட்டும்: 25% என்பது அடக்கத்தின் மேல், பட்டியல் விலையின் மேல் அல்ல. அடக்கம் ₹320, கூட்டியது ₹80. களவு போனவற்றை அடக்கத்தில் மதிப்பிடுங்கள். கூட்டிய தொகை 500 லுங்கிக்கும் சேர்த்து நீங்கட்டும்.

விடை: அசாதாரண நட்டம் ₹6,600, பட்டியல் விலையில் இருப்பு ₹32,800, அதற்கு ஒதுக்கு ₹6,400, கமிஷன் ₹8,600, லாபம் ₹29,000.