மதுரை கே.கே. நகரில் ஒரு நாளைக்கு ஒரு மேசை: தனித்தொழில் செய்வோருக்கும் மாணவர்களுக்கும் டே பாஸ்

மதுரை கே.கே. நகர் 80 அடி சாலையில், வங்கிக் கிளை ஒன்றின் மேலே இரண்டாம் மாடியில் இயங்கிவரும் எங்கள் கோ-வொர்க்கிங் அலுவலகத்தில், வரும் ஜூன் 1 திங்கட்கிழமை முதல் டே பாஸ் வழங்குகிறோம். இதுவரை மாத வாடகைக்கு மட்டுமே இடம் கொடுத்து வந்தோம். விசாரிக்க வருகிறவர்களில் பலர், "மாதம் முழுவதும் வேண்டாம், வாரத்தில் இரண்டு நாள் உட்கார இடம் கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் திரும்பிப் போனார்கள். வீட்டில் விருந்தாளிகள் வந்திருக்கும் நாளும், தெருவில் பராமரிப்புப் பணிக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தப்படும் நாளும், வாடிக்கையாளருடன் முக்கியமான அழைப்பு உள்ள நாளும் தங்களுக்கு ஒரு மேசை தேவைப்படுகிறது என்று அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தத் தேவைக்காகவே முன்கூடத்தில் பதினாறு இருக்கைகளை ஒதுக்கியிருக்கிறோம்.

முழு நாள் பாஸின் கட்டணம் 350 ரூபாய். காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை நீங்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் வெளியே சென்று வரலாம். காலை 8 முதல் பிற்பகல் 1.30 வரையோ, பிற்பகல் 2 முதல் இரவு 8 வரையோ மட்டும் போதும் என்றால் அரைநாள் பாஸ் 200 ரூபாய். கல்லூரி அடையாள அட்டையோ, நடப்பு ஆண்டுத் தேர்வுக்கான நுழைவுச் சீட்டோ காட்டுகிற மாணவர்களுக்கு முழு நாளே 200 ரூபாய்தான். எல்லாக் கட்டணங்களிலும் 18 சதவீத ஜிஎஸ்டி அடங்கியுள்ளது. முகப்பு மேசையில் அதற்கு மேல் எதையும் கேட்க மாட்டார்கள். அடிக்கடி வருகிறவர்கள் பத்து முழு நாள் பாஸ்களை 3,000 ரூபாய்க்கு மொத்தமாக வாங்கி, வாங்கிய நாளிலிருந்து அறுபது நாட்களுக்குள் விரும்பிய தேதிகளில் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் மாதத்தில் பன்னிரண்டு நாட்களுக்கு மேல் வருவீர்கள் என்று தோன்றினால் டே பாஸ் வாங்க வேண்டாம். 3,800 ரூபாய் மாதச் சந்தாதான் உங்களுக்கு இலாபம்.

வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்கிறவர்களை நினைத்து மாலை நேரப் பாஸ் ஒன்றையும் சேர்த்திருக்கிறோம். இலண்டனில் காலை 9 மணி ஆகும்போது நமக்குக் கோடையில் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30 என்பதால் அவர்களுடன் பேசுகிறவர்களுக்குப் பகல் பாஸே போதும். நியூயார்க்கில் காலை 9 மணி என்பது நமக்கு மாலை 6.30 அல்லது 7.30. அவர்களுடைய அலுவலக நாள் தொடங்கும் நேரத்தில் நாங்கள் ஷட்டரை இறக்கினால் என்ன பயன்? ஆகவே திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 6 மணி முதல் இரவு 11.30 வரை 300 ரூபாய்க்கு அமரலாம். இரவுக் காவலர் வாசலில் இருப்பார்; பெண்கள் கிளம்பும்போது ஆட்டோ வரும்வரை கீழே வந்து உடன் நிற்கும்படி அவரிடம் சொல்லியிருக்கிறோம். சனிக்கிழமை பகல் பாஸ் மட்டும் உண்டு, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. பொங்கல், தீபாவளி தவிர, சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை நாளிலும் அழகர் ஆற்றில் இறங்கும் நாளிலும் அலுவலகம் திறக்கப்படாது. அந்த இரண்டு நாட்களில் தல்லாகுளம் பக்கம் வண்டியில் வரவும் முடியாது, எங்கள் ஊழியர்கள் வேலைக்கு வரவும் மாட்டார்கள்.

பாஸ் எடுத்தவருக்கு நான்கடி அகல மேசை, முதுகு சாய்க்கும் சுழல் நாற்காலி, இரண்டு பிளக் பாயின்ட், பூட்டக்கூடிய சிறு லாக்கர் ஆகியவை கிடைக்கும். காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு காபியோ தேநீரோ கட்டணத்தில் சேர்ந்தது. குளிரூட்டி 25 டிகிரியில் ஓடும். அதைக் குறைக்கச் சொல்லியும் கூட்டச் சொல்லியும் ஒரே நேரத்தில் கோரிக்கை வருவதால் ரிமோட்டை முகப்பு மேசையிலேயே வைத்திருக்கிறோம். மதிய உணவு கட்டிக்கொண்டு வருகிறவர்கள் பின்பக்கத்துச் சாப்பாட்டு அறையில்தான் சாப்பிட வேண்டும். மூடிய கூடத்தில் கருவாட்டுக் குழம்பின் மணம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை எல்லோருமே அறிவோம்.

இணையத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு ஃபைபர் இணைப்புகள், ஒவ்வொன்றும் 200 எம்பிபிஎஸ் வேகத்தில், கட்டடத்துக்குள் வெவ்வேறு பாதைகளில் வருகின்றன. ஒன்று அறுந்தால் ரூட்டர் தானாகவே மற்றொன்றுக்கு மாறிவிடும். அந்த மாற்றத்துக்குச் சில நொடிகள் ஆகும் என்பதால் நடந்துகொண்டிருக்கும் வீடியோ அழைப்பு ஒரு முறை உறைந்து பிறகு தொடரக்கூடும். தெளிவான வீடியோ அழைப்புக்கு ஒருவருக்குச் சுமார் 4 எம்பிபிஎஸ் போதும். ஆகவே பதினாறு பேரும் ஒரே நேரத்தில் அழைப்பில் இருந்தாலும் இழுபறி வராது. இழுபறி வருவது கோப்பு ஏற்றும்போதுதான். கல்யாண வீடியோ தொகுக்கும் ஒருவர் 40 ஜிபி கோப்பை ஏற்றத் தொடங்கினால், முழு வேகமும் அவருக்கே கிடைத்தால்கூட அது முடிய அரைமணி நேரம் பிடிக்கும். அந்த அரைமணியில் மற்றவர்கள் எல்லோரும் நிமிர்ந்து ரூட்டரைப் பார்ப்பார்கள். இதற்காகவே ஒவ்வொரு பயனருக்கும் ஏற்றும் வேகத்துக்கு 30 எம்பிபிஎஸ் வரம்பு வைத்திருக்கிறோம். பெரிய கோப்பு உள்ளவர்கள் முகப்பில் சொல்லிவிட்டால், மதியம் 1 முதல் 2 மணிக்குள் லேன் கேபிள் உள்ள மூலை மேசையில் வரம்பை நீக்கித் தருவோம். கேபிளைச் செருக உங்கள் லேப்டாப்பில் இடம் இல்லையென்றால் இணைப்பானும் எங்களிடம் உண்டு.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எங்கள் பகுதிக்கும் உண்டு. அன்று ஜெனரேட்டர் ஓடும். மின்சாரம் போகிற நொடிக்கும் ஜெனரேட்டர் பிடிக்கிற நொடிக்கும் இடையில் மேசை இணைப்புகளையும் ரூட்டரையும் யுபிஎஸ் தாங்கும். குளிரூட்டி மட்டும் ஒன்றிரண்டு நிமிடம் நின்று வரும். உங்கள் பகுதிக்கு மின்தடை அறிவிப்பு நாளிதழில் வந்தவுடனேயே இருக்கையைப் பதிவு செய்துகொள்வது நல்லது, அப்படிப்பட்ட நாட்களில் பக்கத்துத் தெருக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து வந்துவிடுவார்கள்.

முன்கூடம் பேச்சு அனுமதிக்கப்பட்ட இடம். தாழ்ந்த குரலில் தொலைபேசியில் பேசலாம், பக்கத்து மேசைக்காரரிடம் சந்தேகம் கேட்கலாம். இடப்புறம் உள்ள ஆறு இருக்கை அறை முழு அமைதிக்கானது, அங்கே தொலைபேசி அதிரக்கூடக் கூடாது. நீண்ட அழைப்புகளுக்குக் கதவடைத்த இரண்டு சிறு அறைகள் உள்ளன. ஒருவர் தொடர்ந்து 45 நிமிடம் வரை பயன்படுத்தலாம், வெளியே யாரும் காத்திருக்கவில்லை என்றால் அதற்கு மேலும் தொடரலாம். நான்கு பேர் அமரும் சந்திப்பு அறைக்குத் தனியாக மணிக்கு 250 ரூபாய். வாடிக்கையாளர் ஒருவரை அழைத்து வந்து அரைமணி நேரம் முன்கூடத்தில் உட்கார்ந்து பேசுவதற்குக் கட்டணம் கேட்க மாட்டோம். அவர் லேப்டாப்பைத் திறந்து வேலை செய்யத் தொடங்கினால் அவருக்கும் ஒரு பாஸ் எடுக்க வேண்டியிருக்கும்.

மாணவர்களிடம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். புத்தகம் வைத்துப் படிப்பதற்கு மட்டும் இடம் தேடுகிறீர்கள் என்றால், 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் புது நத்தம் சாலையில் இருக்கிறது. அங்கே கட்டணமின்றி அமர்ந்து படிக்கலாம், அதோடு போட்டியிட எங்களால் முடியாது. நூலகத்தில் செய்ய இயலாத வேலைகளுக்கு எங்களிடம் வாருங்கள்: வீட்டிலிருந்து செய்யும் இன்டர்ன்ஷிப்பின் தினசரிக் கூட்டம், இறுதியாண்டு புராஜெக்டுக்காக நான்கு பேர் கூடி விவாதிப்பது, வாய் திறந்து பதில் சொல்ல வேண்டிய ஆன்லைன் வகுப்பு, நேர்முகத் தேர்வு போன்றவை. குழுவாக வரும் மாணவர்கள் நால்வரும் பாஸ் எடுத்திருந்தால் சந்திப்பு அறையில் முதல் ஒரு மணி நேரம் இலவசம். கேமரா கண்காணிப்புடன் நடக்கும் ஆன்லைன் தேர்வுகளைக் கூடத்தில் எழுத முடியாது. யாராவது பின்னால் நடந்து போனாலே தேர்வு நிறுத்தப்படலாம். அதற்குச் சந்திப்பு அறையைப் பதிவு செய்யுங்கள். கண்ணாடிச் சுவருக்குத் திரை போட்டு, கதவில் அறிவிப்பும் ஒட்டித் தருகிறோம். பொது இடத்திலிருந்து எழுதத் தேர்வு நடத்துகிறவர்கள் அனுமதிக்கிறார்களா என்பதை மட்டும் நீங்கள் முன்னதாக விதிகளில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜிஎஸ்டி பதிவு உள்ள தனித்தொழிலர்கள் பதிவெண்ணைக் கொடுத்தால் அந்தப் பெயரிலேயே வரி விலைப்பட்டியல் தருவோம். 350 ரூபாயில் அடிப்படைக் கட்டணம் 296.61, வரி 53.39 என்று அதில் பிரித்துக் காட்டப்பட்டிருக்கும். உங்கள் தொழிலுக்காக வந்த நாள் என்றால் அந்த வரியை உள்ளீட்டு வரி வரவாகக் கோர உங்கள் கணக்காளர் உதவுவார். சேவைத் தொழிலில் ஆண்டு வருவாய் 20 இலட்சத்தைத் தாண்டாத பலருக்குப் பதிவே தேவைப்படாது. அவர்களுக்குச் சாதாரண ரசீது உண்டு. டே பாஸை வைத்து எங்கள் முகவரியை ஜிஎஸ்டி பதிவுக்கோ, நிறுவனப் பதிவுக்கோ, வங்கிக் கணக்குக்கோ பயன்படுத்த முடியாது. அதற்கு ஒப்பந்தமும், இட உரிமையாளரின் சம்மதக் கடிதமும், மின்கட்டண ரசீதும் வேண்டும். அவை ஆண்டுச் சந்தாதாரர்களுக்கு மட்டுமே தரப்படுகின்றன. ஒரு நாள் மட்டும் வந்துவிட்டு மறுநாள் கூரியரை எங்கள் முகவரிக்கு அனுப்பச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.

முதல் முறை வரும்போது புகைப்பட அடையாள அட்டை ஒன்றைக் கொண்டு வாருங்கள். பெயரைக் குறித்துக்கொண்டு அட்டையைக் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம். ஆதார் நகல் வாங்கி வைக்கும் பழக்கம் இங்கே இல்லை. வைஃபை கடவுச்சொல் உங்கள் கைபேசி எண்ணுக்கு வரும், அன்றிரவுடன் காலாவதியாகும். லாக்கர் சாவியைத் தொலைத்தால் 150 ரூபாய். மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் சில நிமிடத்தில் வந்துவிடலாம். இருசக்கர வாகனங்களைக் கட்டடத்தின் கீழே நிறுத்தலாம். கார் நிறுத்த எங்களுக்கு இரண்டே இடங்கள் இருப்பதால் அவை முதலில் வருகிறவர்களுக்கே. லிஃப்ட் உண்டு. தெருவாசலில் உள்ள இரண்டு படிகளின் மேல் சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தை எடுத்துப் போட வேண்டும் என்பதால், தேவைப்படுகிறவர்கள் வருவதற்குச் சற்று முன்பு தகவல் சொன்னால் காவலர் தயாராக இருப்பார்.

இருக்கை பதிவு செய்ய, வருவதற்கு முந்தைய நாள் இரவு 8 மணிக்குள் இந்தப் பக்கத்தின் உட்பெட்டிக்குப் பெயர், தேதி, பாஸ் வகை ஆகிய மூன்றையும் அனுப்புங்கள். உறுதிசெய்து பதில் அனுப்புவோம். முன்பணம் தேவையில்லை, வந்தபின் யுபிஐ மூலமோ ரொக்கமாகவோ கொடுக்கலாம். பதிவு செய்த இருக்கையைக் காலை 10.30 வரை காத்து வைப்போம்; தாமதமாகும் என்று ஒரு வரி அனுப்பினால் 12 மணி வரைகூடக் காத்திருக்கும். பதிவு செய்யாமல் நேரில் வருகிறவர்களுக்கும் இடம் இருந்தால் தருவோம். தொடக்கத்தை ஒட்டி ஜூன் 1 முதல் 6 வரை முதல் முறை வருகிறவர்களுக்கு அரைநாள் கட்டணத்தில் முழு நாள் பாஸ் உண்டு. மாணவர்கள் அந்த வாரத்தில் 100 ரூபாய் கொடுத்தால் போதும்.