ஆறு மெய்களுக்கு மூன்று கூறுகள்: ஒரு பயிற்சியின் முழு விடை

பயிற்சியில் கொடுத்திருப்பது ஒரு கற்பனை மொழியின் மெய்யொலிகள்: p, t, m, n, f, s. தமிழ் எழுத்தில் ப், த், ம், ந், ஃப், ஸ் என்று வைத்துக்கொள்ளலாம். மூக்கு, தொடர், நாமுனை என்ற மூன்று கூறுகளை, அதாவது ஒலிப்பண்புகளை, மட்டும் வைத்து அட்டவணை போட வேண்டும்; பண்பு இருந்தால் கூட்டல், இல்லாவிட்டால் கழித்தல். கூடவே இரண்டு தரவுகள் உண்டு. ஒன்று, /tapa/ என்ற சொல் [tafa] என்றும், /mata/ என்பது [masa] என்றும் ஒலிக்கிறது. /nami/ மாறாமல் [nami] என்றே இருக்கிறது. இரண்டு, n-இல் முடியும் ஒரு முன்னொட்டு p, f முன்னால் m ஆகிறது.

கட்டங்களில் கூட்டல் கழித்தல் போடும் முன், ஒவ்வொரு கூறும் எதை அளக்கிறது என்பது தெளிவாக வேண்டும். மூக்கு எளிது. அண்ணக்கடை தாழ்ந்து காற்று மூக்கு வழியே போனால் கூட்டல். நம் இலக்கணம் மெல்லினம் என்று பிரித்து வைத்தவை எல்லாம் இந்தப் பக்கம் வரும்.

தடுமாற்றம் வருவது தொடரில்தான். m ஒலியை மூச்சு உள்ளவரை ‘ம்ம்ம்’ என்று இழுக்க முடிகிறது, அதனால் அது தொடர்தானே என்று பலர் கூட்டல் போட்டுவிடுகிறார்கள். ஆனால் இந்தக் கூறு எவ்வளவு நேரம் இழுக்கலாம் என்பதை அளக்கவில்லை. வாயின் நடுவழியில் காற்று போகிறதா, முழுதாக அடைபட்டிருக்கிறதா என்பதைத்தான் கேட்கிறது. m சொல்லும்போது மூக்கைப் பொத்திப் பாருங்கள், ஒலி உடனே நின்றுவிடும். உதடுகள் p-க்கு மூடுவது போலவே m-க்கும் மூடியிருக்கின்றன. ஆகவே m, n இரண்டும் p, t போல [−தொடர்]. f, s இரண்டில் மட்டும் இடுக்கு வழியே காற்று உரசிக்கொண்டு வெளியே போகிறது, அவை [+தொடர்].

நாமுனை என்பது நாக்கின் நுனியோ அதை ஒட்டிய முன்பகுதியோ மேலெழுந்து வேலை செய்கிறதா என்ற கேள்வி. 1968-இல் சோம்ஸ்கியும் ஹாலேயும் வெளியிட்ட நூல் வழியாகப் பரவிய கூறு இது. பல்லில் படுகிறதா, பல்லுக்குப் பின்னுள்ள மேட்டில் படுகிறதா என்று இது பார்ப்பதில்லை. த், ந், ஸ் மூன்றும் இதில் ஒன்றுதான். p, m, f உதட்டில் பிறப்பதால் கழித்தல்.

இனி அட்டவணை:

| | p | t | m | n | f | s |
|---|---|---|---|---|---|---|
| மூக்கு | − | − | + | + | − | − |
| தொடர் | − | − | − | − | + | + |
| நாமுனை | − | + | − | + | − | + |

சரி, இது போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆறு ஒலிகளில் 15 இணைகள் உண்டு. எல்லா இணையையும் எழுதிப் பார்க்கத் தேவையில்லை. ஒவ்வொரு வரிசையாகக் கையால் மறைத்துப் பாருங்கள். மூக்கை மறைத்தால் p-யும் m-உம் ஒன்றாகிவிடும், t-யும் n-உம் ஒன்றாகிவிடும். தொடரை மறைத்தால் p-f, t-s கலந்துவிடும். நாமுனையை மறைத்தால் p-t, m-n, f-s மூன்று இணைகளும் போய்விடும். மூன்று வரிசையும் இருக்கும்போது எந்த இரண்டு நெடுவரிசையும் ஒத்துப்போகவில்லை. ஆக, ஒன்றும் குறையவில்லை, ஒன்றும் மிகையாகவும் இல்லை.

மூன்று இருநிலைக் கூறுகள் எட்டுச் சேர்க்கைகள் தர வேண்டும். நம்மிடம் ஆறுதான். காலியாக இருப்பவை இரண்டும் [+மூக்கு, +தொடர்] கொண்டவை. இது தற்செயலாக விழுந்த இடைவெளி இல்லை. மூக்கு வழி திறந்திருந்தால் காற்று அங்கே கசிந்துவிடும். உரசொலிக்கு வேண்டிய அழுத்தம் வாயில் சேராது. அதனால் மூக்குரசொலிகள் உலக மொழிகளில் மிக அரிது. இந்த மொழிக்கு இதை ஒரு விதியாகவே எழுதிவிடலாம்:

```
[+மூக்கு] → [−தொடர்]
```

m, n இரண்டுக்கும் தொடர் கட்டத்தில் உள்ள கழித்தலை இந்த விதியே தந்துவிடும். ஒலிகளைப் பிரித்துக் காட்ட மட்டும் என்றால் அந்தக் கட்டங்களைக் காலியாகவே விடலாம். பயிற்சி முழு அட்டவணை கேட்பதால் நிரப்பியிருக்கிறேன்.

இதுவரை செய்தது பாதி வேலை என்றே சொல்வேன். ஒலிகளைப் பிரிக்க மட்டும் வேண்டுமானால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டாலே போதும். கூறுகள் வேண்டியிருப்பது, சேர்ந்து நடக்கிற ஒலிகளை ஒரே பிடியில் பிடிப்பதற்காக. முதல் தரவைப் பாருங்கள். உயிர்களுக்கு நடுவே p என்பது f ஆகிறது. t என்பது s ஆகிறது. m அப்படியே நிற்கிறது. இரண்டு மாற்றங்கள் போலத் தெரிந்தாலும் அட்டவணையில் இரண்டிலும் மாறுவது ஒரே கட்டம்தான்:

```
[−மூக்கு] → [+தொடர்] / V __ V
```

மாறும் ஒலிகளுக்கு [−தொடர்] என்ற நிபந்தனையைப் பலர் சேர்த்துவிடுவார்கள். தேவையில்லை. f, s மேல் விதி பட்டாலும் ஏற்கெனவே கூட்டலாக இருக்கும் கட்டம் கூட்டலாகவே இருக்கும், எதுவும் கெடாது. நாமுனையைச் சொல்லாமல் விட்டதால்தான் உதட்டொலியும் நாமுனை ஒலியும் சேர்ந்து மாறுகின்றன. t மட்டும் s ஆகி p நின்றிருந்தால் விதியில் [+நாமுனை] சேர்த்திருப்போம். அப்புறம், p-யும் n-உம் மட்டும் சேர்ந்து மாறுகிற மொழி ஒன்று இருந்தால்? அவற்றுக்குப் பொதுவானது [−தொடர்] ஒன்றுதான். அதைச் சொன்னால் t, m இரண்டும் கூடவே வந்துவிடும். அந்த இணை இயல்பான கூட்டம் இல்லை என்று அட்டவணை சொல்கிறது.

இரண்டாம் தரவுக்கு விதி இது:

```
[+மூக்கு] → [α நாமுனை] / __ [மெய், α நாமுனை]
```

பின்னால் வரும் மெய்யின் நாமுனை மதிப்பு என்னவோ அதை மூக்கொலி எடுத்துக்கொள்ளும். முன்னொட்டின் n மட்டும் m ஆவதாகத் தரவு சொன்னாலும், m-க்குப் பின் t வந்தால் n ஆகும் என்று இந்த விதி தானே முன்கூட்டிச் சொல்கிறது. ‘மரம்’ உடன் ‘தான்’ சேர்ந்து ‘மரந்தான்’ ஆவது இதே நடைதான். இந்த மொழியில் அப்படி ஆகவில்லை என்று புதிய தரவு வந்தால் விதியைச் சுருக்க வேண்டும்.

பயிற்சியின் கடைசிக் கேள்வி: மொழியில் k சேர்ந்தால் என்ன ஆகும்? k-க்கு மூக்கு கழித்தல், தொடர் கழித்தல், நாமுனை கழித்தல். அப்படியே p-யின் நெடுவரிசை. [−நாமுனை] என்பது ‘உதடு’ என்று பொருள்படாது, நாமுனை இல்லாத எல்லாமே அதில் அடக்கம் என்பது இங்கேதான் வெளிப்படுகிறது. நான்காவதாக உதடு என்ற கூறு வேண்டும்: p, m, f கூட்டல், t, n, s, k கழித்தல். நாமுனையைத் தூக்கிவிட்டு உதட்டை மட்டும் வைத்துக்கொள்ளவும் முடியாது, t-யும் k-யும் கலந்துவிடும்.

இந்த மாற்றத்தோடு மூக்கொலி விதியையும் திருத்த வேண்டும். பழைய விதிப்படி k-க்கு முன் வரும் மூக்கொலி [−நாமுனை] ஆகி m-ஆக நின்றுவிடும். நாமுனையோடு உதட்டின் மதிப்பையும் எடுத்துக்கொள்ளச் சொன்னால் கிடைப்பது [+மூக்கு, −தொடர், −நாமுனை, −உதடு], அதாவது ŋ, ‘மரங்கள்’ சொல்லில் வரும் ங். மொழியின் மெய்யொலிப் பட்டியலில் இல்லாத ஒலி அது. பட்டியலில் சேர்க்கவும் தேவையில்லை; k-க்கு முன்னால் மட்டும் விதியே அதை உண்டாக்கிக் கொள்ளும்.