ஜனவரி 17 சனிக்கிழமை கணக்கு வகுப்பு 19 திங்கட்கிழமை மாலைக்கு மாற்றம்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

வருகிற சனிக்கிழமை (17.01.2026) காலை 10 மணிக்கு நடக்க வேண்டிய கணக்கு வகுப்பு அன்று நடக்காது. அதற்குப் பதிலாக 19.01.2026 திங்கட்கிழமை மாலை 6 மணி முதல் 8 மணி வரை, வழக்கம்போல் அலங்காநல்லூரில் நம் வீட்டு மொட்டைமாடிக் கொட்டகையிலேயே நடக்கும். சனிக்கிழமை வகுப்பு மூன்று மணி நேரம், திங்கள் மாலை இரண்டு மணி நேரம்தான். மீதி ஒரு மணி நேரத்தை அடுத்த சனிக்கிழமை 24-ஆம் தேதி ஈடுகட்டிவிடுவேன். அன்று 10 மணிக்குப் பதில் 9 மணிக்கே பிள்ளைகள் வந்துவிட வேண்டும்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு இவ்வளவு போதும். “ஏன் ஞாயிற்றுக்கிழமை வைக்கக் கூடாது?”, “ராத்திரி எட்டு மணிக்குப் பொம்பளைப் பிள்ளை எப்படி வீடு திரும்பும்?” என்று நேற்று வகுப்பு முடிந்ததிலிருந்தே போன் வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆண்டு தைப் பொங்கல் 15-ஆம் தேதி வியாழக்கிழமை வருகிறது. அன்று அவனியாபுரம், வெள்ளிக்கிழமை பாலமேடு, சனிக்கிழமை அலங்காநல்லூர். நம் ஊர் ஜல்லிக்கட்டு அன்றைக்கு நம் தெரு எப்படி இருக்கும் என்று உள்ளூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குமாரம் பக்கமிருந்தும் பாலமேடு பக்கமிருந்தும் வருகிற பிள்ளைகளின் பெற்றோருக்காகச் சொல்கிறேன். முதல் நாள் சாயங்காலமே தடுப்புக் கட்டைகள் வந்துவிடும். பஸ் ஊருக்குள் வராது, வெளியிலேயே இறக்கிவிடுவார்கள். வாடிவாசலுக்குப் போகிற வழியில்தான் நம் வீடு இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்குள் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு பிள்ளை நுழைந்து வருவது நடக்கிற காரியம் இல்லை. அப்படியே வந்தாலும் உட்கார இடம் வேண்டுமே! கரும்பலகை மாட்டியிருக்கிற கொட்டகையில் அன்றைக்கு உட்காரப்போவது என் வீட்டுக்காரரின் சொந்தக்காரர்கள். வருடம் முழுவதும் எட்டிப்பார்க்காத உறவெல்லாம் தை மாதம் மூன்றாம் நாள் எங்கள் மொட்டைமாடியை நினைத்துக்கொள்ளும்.

அன்றைக்கு மட்டும் ஆன்லைனில் எடுத்துவிடலாமே என்று ஒரு அப்பா கேட்டார். நல்ல யோசனைதான். ஆனால் நடத்த வேண்டிய பாடம் வரைபடமும் செய்முறை வடிவியலும். கவராயத்தின் முனை எங்கே குத்தியிருக்கிறது, பென்சில் எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்பதையெல்லாம் செல்போன் திரையில் பார்த்துத் திருத்த என்னால் முடியாது. போதாக்குறைக்கு ஒலிபெருக்கியில் மாட்டுக்காரர் பெயரும் பரிசு விவரமும் காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும். நான் சொல்வது எனக்கே கேட்காது.

ஞாயிற்றுக்கிழமை 18-ஆம் தேதி தை அமாவாசை. திதி கொடுக்க ராமேஸ்வரமோ திருப்புவனமோ போகிற குடும்பங்கள் நம்மில் நிறைய உண்டு. சனிக்கிழமை இரவே கிளம்புகிறோம் என்று நான்கைந்து பேர் முன்பே சொல்லிவிட்டார்கள். பாதிப் பேரை வைத்துக்கொண்டு பாடம் நடத்திவிட்டு, மறுபடி மீதிப் பேருக்கு நடத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒன்பதாம் வகுப்பின் ஞாயிறு வகுப்பும் இதனாலேயே அன்று கிடையாது. அவர்களுக்குத் தனியாகச் செய்தி அனுப்புகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் வகுப்பில் மூன்று வீடுகளில் காளை வளர்க்கிறார்கள். மாடு வாடிவாசலைத் தாண்டியதோடு அந்த வீட்டுக்காரர்களுக்கு வேலை முடிந்துவிடுவதில்லை. அதற்குப் பிறகுதான் பாதி வேலையே இருக்கிறது. காளைகளைப் பிடிக்கிற இடத்தில் கயிற்றோடு காத்து நிற்க வேண்டும். மிரண்ட மாடு அங்கே நிற்காமல் தோப்புக்குள்ளோ வயலுக்குள்ளோ ஓடிவிட்டால், இருட்டிய பிறகும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே தேட வேண்டும். அதைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து, தண்ணீர் காட்டி, உடம்பில் காயம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுப் படுக்கிற பிள்ளையை மறுநாள் காலையில் எழுப்பி முக்கோணம் வரையச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொன்னாலும் வரையமாட்டான், தூங்குவான்.

பொங்கலுக்கு முன்பே 13-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை வைத்துவிடுங்கள் என்றும் சிலர் கேட்டார்கள். நேற்று கொடுத்த கணக்குகளைப் பிள்ளைகள் போட்டுப் பார்க்காமல் அடுத்த பாடத்துக்குப் போக முடியாது. அதற்குள் பள்ளி இருக்கிறது, வீட்டில் வெள்ளையடிப்பு இருக்கிறது. புதன்கிழமை போகி. ஆகவே பண்டிகையை முழுதாக முடித்துக்கொண்டு, திங்கட்கிழமை தெளிவான மனதோடு உட்காருவதே நல்லது.

திங்கட்கிழமை நேரத்தை 6 மணி என்று வைத்ததற்குக் காரணம், பள்ளியில் மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து பிள்ளைகள் வெளியே வரவே ஐந்தரை ஆகிவிடுகிறது. வீட்டுக்குப் போய்த் திரும்பி வர நேரம் இல்லாதவர்கள் நேராக இங்கேயே வரலாம். சுண்டல் அவித்து வைப்பேன். பசியோடு உட்கார்ந்தால் மூளை ஓடாது, என் பேச்சும் ஏறாது.

முடிகிற நேரம் 8 மணி. அப்போது நன்றாக இருட்டியிருக்கும். உள்ளூர்ப் பிள்ளைகளை வீட்டிலிருந்து யாராவது வந்து அழைத்துப்போக வேண்டும். அண்ணன் வருவான், தாத்தா வருவார் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குமாரம் பக்கத்துப் பெண் பிள்ளைகள் நால்வருக்கும் சேர்த்து ஒரே ஆட்டோ பேசியிருக்கிறேன். வழக்கமாகப் பள்ளிக்கு வந்துபோகும் அதே அண்ணன்தான் வருகிறார். வாடகையை நான்கு வீடும் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும். பாலமேடு வழிப் பையன்கள் பஸ்ஸில் போய்க்கொள்கிறோம் என்கிறார்கள். பஸ் ஏற்றிவிட என் வீட்டுக்காரர் நிறுத்தம் வரை வருவார். அந்தப் பக்கம் இறங்குமிடத்தில் நீங்கள் நில்லுங்கள். யார் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியாமல் எந்தப் பிள்ளையையும் வாசலைத் தாண்ட விடமாட்டேன். எட்டே கால் ஆனாலும் சரி, எட்டரை ஆனாலும் சரி.

இந்த ஒரு வகுப்பை விட்டுவிட்டால் என்ன, பண்டிகைதானே என்று நினைக்கிற பெற்றோரும் இருக்கலாம். அவர்களுக்குச் சொல்கிறேன். பொதுத்தேர்வுக் கணக்குத் தாளில் 100-க்கு 16 மதிப்பெண் இந்த இரண்டு கேள்விகளுக்குத்தான். வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. மற்ற பாடத்தில் தடுமாறுகிற பிள்ளைகூடக் கையில் வாங்கிவிடக்கூடிய மதிப்பெண் இது. வாங்காமல் விடுகிறார்கள். நேற்று நோட்டுகளைத் திருத்தியபோது பார்த்ததைச் சொல்கிறேன். y = x² + x − 12 என்பதற்கு வரைபடம் வரையச் சொல்லியிருந்தேன். அட்டவணை எல்லோரும் சரியாகப் போட்டிருக்கிறார்கள். x-க்கு −1 கொடுத்தாலும் 0 கொடுத்தாலும் y-க்கு −12 வருகிறது. உடனே பாதிப் பேர் அந்த இரண்டு புள்ளிகளையும் ஸ்கேல் வைத்துத் தட்டையாக இணைத்துவிட்டார்கள். வளைகோடு அங்கே −12.25 வரை இறங்கித் திரும்ப வேண்டும். தட்டையாக இழுத்தால் அது பரவளையம் இல்லை, தொட்டியின் அடிப்பாகம். இன்னும் சிலர் அளவுத்திட்டமே எழுதவில்லை. வடிவியலில் உதவிப்படம் போடாமல் நேரே வரையத் தொடங்கியவர்களும் உண்டு. இதெல்லாம் தெரியாமல் செய்வதில்லை, அவசரத்தில் செய்வது. பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை வரைய வைத்தால் சரியாகிவிடும். அதற்குத்தான் இந்தத் திங்கட்கிழமை.

விடுமுறைக்கான வீட்டுப்பாடம் குறைவுதான். இரண்டு வரைபடம், ஒரு தொடுகோடு வரைதல். கேள்விகளை நேற்றே நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டேன். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் புத்தகத்தைத் தொட வேண்டாம், நீங்களும் எடுத்து நீட்ட வேண்டாம். புதன்கிழமையோ ஞாயிறு சாயங்காலமோ ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். காளை வளர்க்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வரைபடம் தள்ளுபடி. இதை மற்றவர்களிடம் சொல்ல வேண்டாம் என்று அவர்களிடம் சொன்னேன், அதற்குள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. மாடு இல்லாதவர்களுக்குச் சலுகை கிடையாது.

திங்கட்கிழமை வரும்போது கவராயம், பாகைமானி, ஸ்கேல், கூராகச் சீவிய இரண்டு பென்சில், ஐந்து வரைபடத் தாள் இருக்க வேண்டும். கவராயத்தின் திருகு தளர்ந்திருந்தால் பொங்கலுக்குக் கடைக்குப் போகும்போதே புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள். ஆடுகிற கவராயத்தில் வட்டம் தொடங்கிய இடத்தில் வந்து முடியாது.

ஜல்லிக்கட்டு பார்க்கப் போகிற பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். இந்த ஊரில் பிறந்துவிட்டு அதைச் சொல்ல எனக்கே வாய் வராது. கேலரியிலோ தெரிந்தவர் வீட்டு மாடியிலோ நின்று பார்க்கட்டும். ஆனால் மாடு பிடிக்கிற இடத்தைவிட, பிடிபடாமல் தாண்டி வந்த மாடுகள் ஓடி வருகிற பாதை ஆபத்தானது. அங்கே தடுப்பும் குறைவு, கூட்டமும் கலைந்து நிற்கும், மாடும் மிரண்டிருக்கும். பையன்கள் வேடிக்கை பார்க்கக் கூடுவது சரியாக அந்த இடத்தில்தான். பெரியவர்கள் துணை இல்லாமல் அந்தப் பக்கம் அனுப்பாதீர்கள். விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து “டீச்சர், கவராயம் பிடிக்க முடியவில்லை” என்று யாரும் என் முன்னால் நிற்கக் கூடாது.

மாதக் கட்டணத்தில் எந்த மாற்றமும் இல்லை. பொங்கல் செலவு இருக்கும் என்று எனக்கும் தெரியும், இந்த மாதம் 25-ஆம் தேதிக்குள் கொடுத்தால் போதும். 26 குடியரசு தினத்தன்று கூடுதல் வகுப்பு வைக்கச் சொல்லிச் சிலர் கேட்டிருக்கிறீர்கள். 24-ஆம் தேதி பிள்ளைகள் எவ்வளவு முடிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

திங்கள் மாலை வரவே முடியாத நிலை யாருக்காவது இருந்தால், புதன்கிழமைக்குள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், குழுவில் வேண்டாம். மற்றவர்கள் பிள்ளையின் பெயரையும், எட்டு மணிக்கு அழைத்துப்போக வருகிறவர் யார் என்பதையும் மட்டும் இங்கே எழுதிவிடுங்கள். வியாழன் முதல் சனி வரை நான் போன் எடுப்பது சந்தேகம். அடுப்படியில் இருப்பேன், இல்லையென்றால் மாடியில் சொந்தக்காரர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பேன்.

அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

– கணக்கு டீச்சர்
11.01.2026, ஞாயிறு