சுண்ணாம்புக் கோடு

ஆடிப் பதினெட்டு போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. ஆவணி 6 வாஸ்து நாள், அன்றைக்குப் பூமி பூஜை என்று முடிவாகிவிட்டது. அதற்குள் எந்த அறை எங்கே என்று தரையில் போட்டுப் பார்த்துவிடலாம் என மேஸ்திரி நூல்கண்டும் சுண்ணாம்புத் தூளும் கொண்டு வந்தார். பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைந்து வருகிற காற்றுக்கு எங்கள் ஊதியூர்ப் பக்கம் தடுப்பே கிடையாது. அவர் ஒரு கோடு போட்டு நிமிர்வதற்குள் பாதி பறந்துவிடும்.

"அடுப்படி மட்டும் எங்கன்னு சொல்லிருங்க. மத்ததெல்லாம் தன்னால அமைஞ்சிரும்" என்றார்.

மாமா யோசிக்கவே இல்லை. "கெழக்கு வாசலு. தென்கெழக்கு அக்னி மூலை. அங்கதான். பத்துக்குப் பத்து போடுங்க. மனையடியில பத்தடிக்கு ஆடு மாடு பெருகும்னு இருக்குது."

"பெருகற மாட்ட யாரு பாக்கறது?" என்றார் அத்தை.

அத்தை அப்படி வெளியாள் முன்னால் மாமாவை மடக்கிப் பேசி நான் கேட்டதில்லை. கல்யாணமாகி வந்த ஒன்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. மாமாவும் நானும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம்.

கட்டுத்தரை வீட்டுக்கு வடமேற்கே, கிளுவை வேலி ஓரமாக இருக்கிறது. அடுப்படியை அந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்பது அத்தையின் கட்சி. வாயு மூலையிலும் அடுப்பு வைக்கலாம் என்று ஜோசியரே சொன்னாராம். முன்பக்கம் வைத்தால் ரோட்டில் போகிறவனுக்கெல்லாம் இன்றைக்கு என்ன குழம்பு என்று தெரியும். அரிசி கழுவின தண்ணியைத் தூக்கிக்கொண்டு வீட்டையே சுற்றிவர வேண்டும்.

"வடமேக்க வெச்சா இந்தக் காத்துக்கு அடுப்பு நிக்குமா? அணைஞ்சு கேஸ் பரவுனா என்ன பண்ணுவ? தாளிக்கற பொகை பூரா ஊட்டுக்குள்ளதான் வரும். தென்கெழக்குல வெச்சா பொகைய காத்தே வெளிய கொண்டு போயிரும். பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?"

மாமா சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனி தொடங்கி ஆவணி வரை எங்கள் வீட்டு மேற்கு ஜன்னலைத் திறந்ததே கிடையாது.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் எனக்கும் ஒரு ஆசை இருந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை எனக்கு. கம்பெனி பஸ் வந்து இறக்கிவிடும்போது இருட்டிவிடும். அப்புறம் நான் அடுப்படிக்குள் போனால் பையன் படிக்கிறானா, போனைப் பார்க்கிறானா என்று தெரியாது. "ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவுல செவுரு வேண்டாமுங் மாமா. தெறந்தாப்புல விட்ரலாமுங்க" என்றேன்.

"அப்பறம் ஆளுங்க வந்து உக்காந்திருக்கறப்ப நான் எப்படிக் குனிஞ்சு நிமிரறது கண்ணு?" என்றார் அத்தை.

"நீங்க மூணு பேரும் மூணு சொன்னா நான் இன்ஜினியருக்கு என்ன சொல்றது?" என்று என் வீட்டுக்காரர் சலித்துக்கொண்டார். கடன் வாங்குவது அவர். மாதத் தவணைக் கணக்கு அவர் தலையில் ஓடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி நூலைச் சுற்றி எடுத்துக்கொண்டார். "பொறுமையா பேசி வையுங்க. வாணம் தோண்டறதுக்கு ஜேசிபி சொல்லியாச்சு, அதுக்கு முன்னால சொன்னாப் போதும்" என்று கிளம்பிவிட்டார்.

பொறுமையாக எங்கே பேசினோம்? ராத்திரி சோற்றுக்கு உட்கார்ந்ததும் மறுபடி ஆரம்பித்தது. வாஸ்துவில் தொடங்கி, யார் பேச்சு இந்த வீட்டில் எடுபடும் என்பதில் வந்து நின்றது. மாமா தட்டை நகர்த்திவிட்டு, "முப்பது வருசமா ஒரு அடுப்படியில ஆக்கிப்போட்ட. அது எந்த மூலைன்னு என்னைக்காச்சும் கேட்டயா? இப்ப மட்டும் என்ன?" என்றார்.

அத்தை எனக்கு நெய் ஊற்றிக்கொண்டிருந்தார். கரண்டியைக் கிண்ணத்திலேயே வைத்தார்.

"கேக்காம இருந்ததாலதான் கன்னு செத்துது."

யாரும் பேசவில்லை.

அந்தக் கன்று எனக்கும் தெரியும். எங்கள் மயிலை ஈன்ற முதல் கன்று. காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாகத்தான் இருக்கும், ஆறு மாசம் போலத்தான் நிறம் மாறும். அது நிறம் மாறுவதற்குள்ளேயே, ஒரு நாள் காலையில் கயிறு காலிலும் கழுத்திலும் சுற்றிக்கொண்டு கிடந்தது. விதி என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

"மிக்சியில சட்னி ஆட்டிட்டு இருந்தனுங்க. அந்த அடுப்படியில ஒரு ஜன்னல் இல்ல, பொகை போறதுக்கு ஓட்டை ஒண்ணு இருக்குது. மிக்சிய நிறுத்துனதுக்கப்பறந்தான் மயிலை கத்தறது கேட்டுது. ஓடறதுக்குள்ள..." அத்தை கையை முந்தானையில் துடைத்தார். "பன்னெண்டு எட்டு. அடுப்படியிலிருந்து கட்டுத்தரைக்குப் பன்னெண்டே எட்டு. அப்பறமா எண்ணிப் பாத்தேன். எனக்கு எந்த மூலையானா என்னங்க? நின்னு ஆக்கறப்ப மாடு தெரியோணும். அவ்வளவுதான்."

மாமா எழுந்து கை கழுவப் போனார். தட்டில் அரிசிம்பருப்புச் சாதம் அப்படியே இருந்தது. வெகுநேரம் வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீர் கொண்டுபோய் வைத்தபோது, "அவ இத என்கிட்டச் சொன்னதே இல்ல அம்மிணி" என்றார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

விடியற்காலை சுத்தியல் சத்தம் கேட்டு எழுந்தேன். கட்டுத்தரையில் மயிலையைக் காணோம். மனையின் தெற்கே வேப்பமரத்தடியில் புதிதாக ஒரு முளைக்குச்சி அடித்து, அதில் கட்டியிருந்தது. மாமா வேர்வையோடு நின்றிருந்தார். அவர் காலடியில் சுண்ணாம்புச் சட்டி. தென்கிழக்கு மூலையில் பத்துக்குப் பத்து சதுரம் ஒன்றை அவரே போட்டிருக்கிறார். நூல் பிடிக்காமல் போட்டதால் கோணலாக இருந்தது.

"கட்டுத்தரைய இக்கட்டக் கொண்டாந்தர்லாம்" என்றார் மகனைப் பார்த்து. "மேகாத்துக்கு நாத்தமும் ஊட்டுக்குள்ள வராது, கெழக்கால போயிரும். கூரைக்குத் தனியா ஒரு நாப்பதாயிரம் ஆகுமா?"

"ஆகுமுங்ப்பா. பாத்துக்கலாம்" என்றார் இவர். எப்படி என்று நான் கேட்கவில்லை. இவர் முகத்தில் நேற்றைய கணக்கு இல்லை.

அத்தை பால் சொம்போடு வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். சதுரத்தைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார்.

"வந்து நின்னு பாரு" என்றார் மாமா. "தெக்குச் செவுத்துல ஜன்னலு. அடுப்பு கெழக்கப் பாத்து இருக்கட்டும், திரும்புனா ஜன்னலு."

அத்தை செருப்பைக் கழற்றிவிட்டுக் கோட்டுக்குள் போனார். இல்லாத மேடைக்கு முன்னால் நின்று, இல்லாத ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். இவர் ஒரு குச்சியை இடுப்புக்கு மேலே படுக்கையாகப் பிடித்து, "ஜன்னல் கட்டை இவ்வளவு ஒசரம் வருமுங்ம்மா" என்றார். காற்று கோட்டின் ஒரு ஓரத்தை அழித்துக்கொண்டிருந்தது.

"தெரியுதா?"

அத்தை குனிந்து பார்த்தார். குச்சிக்கு மேலே எட்டியும் பார்த்தார்.

"தலை தெரியுதுங்க. காலு தெரியல. கயிறு காலுலதான சுத்தும்?"

மாமா ஒன்றும் சொல்லவில்லை. மயிலையை அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டு, முளைக்குச்சியை அசைத்து அசைத்துப் பிடுங்கினார். நாலு எட்டு பின்னால் போய்த் திரும்பி அத்தையைப் பார்த்தார்.

"இன்னும் ரண்டு எட்டு" என்றார் அத்தை.