பேச்சிக்கு ஒரு மெயில், கார்த்தியப் பத்தி

ஏட்டி பேச்சி,

இத வாட்ஸப்புல போடாம ஒன் ஆபீஸ் மெயிலுக்கு அனுப்புதேன், ஏன்னு ஒனக்கே தெரியும். அதுக்காக ரகசியம்னு இல்ல, அவன்ட்ட காட்டணும்னு தோணுச்சுன்னா காட்டு, ஒன் இஷ்டம். கார்த்தி விஷயமா ரொம்ப நாளா மனசுல ஒண்ணு கெடந்து அரிக்கி, ஒரே ஒரு தடவ சொல்லிருதேன், பெறவு நானா இந்த பேச்ச எடுக்க மாட்டேன்.

அவன விட்டுருன்னு சொல்லதுக்கு எழுதல. அவனா நானான்னு கேக்க அளவுக்கு எனக்கு கோட்டியும் புடிக்கல. ஒங்கப்பா ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரில கெடந்தப்ப ஒங்கண்ணன் சென்னைலருந்து வந்து சேருத வரைக்கும் வராண்டால துண்ட விரிச்சு படுத்துக்கெடந்தது அவன்தான், மாத்திர வாங்க ஓடுனதும் அவன்தான், அத நான் இல்லன்னு சொல்லவே மாட்டேன்.

ஆனா ஆனித் தேரு அன்னைக்கி பாத்தது இன்னும் போகமாட்டுக்கு. கீழரத வீதில அல்வாக்கு வரிசைல நிக்கோம், ஒனக்கு போன் வருது, ஒன் கைல இருந்து அவன் வெடுக்குன்னு புடுங்குனான். யாருன்னு பாத்துட்டு கட் பண்ணிட்டு அப்பிடியே மெசேஜ மேல தள்ளி தள்ளி படிச்சிக்கிட்டே நிக்கான், நீ எங்கிட்ட திரும்பி சிரிச்ச, சிரிச்சிக்கிட்டே துப்பட்டா நுனிய முறுக்கிக்கிட்டு இருந்த. பிளஸ் டூ ரிசல்ட் அன்னைக்கி நீ அப்பிடி முறுக்குனத பாத்திருக்கேன்ட்டி. சந்தோசத்துல முறுக்குனது இல்ல அது.

இன்னொண்ணு. எங்கிட்ட கங்கைகொண்டான் சிப்காட்ல வேலைன்னான், ஒங்கண்ணன்கிட்ட நாங்குநேரின்னு சொல்லிருக்கான். நடுவுல வேல மாறிருக்கலாம், நான் தப்பா கேட்டிருக்கவும் செய்யலாம். அதனால அதுல ரொம்ப அழுத்தல.

அழுத்துதது நகைல. நான் நகக்கடன் கவுண்டர்ல ஒக்காந்து சம்பளம் வாங்குதவ, எனக்கு வேற எதுவும் தெரியாட்டாலும் இது தெரியும். ஒன் சங்கிலிய ஒன் பேர்ல வச்சு அவனுக்கு லோடு ஆட்டோவுக்கு அட்வான்ஸ் குடுத்தன்னு சொன்ன, மாசி முடிஞ்சதும் திருப்பிருவான்னே, பெறவு சித்திரைன்னே, இப்ப ஆனியே முடிஞ்சிட்டு, ஆட்டோவ நானும் பாக்கல நீயும் பாக்கலன்னு நெனைக்கேன். வட்டி ஏறுதது ஒன் கணக்குல, ஏல நோட்டீஸ் வந்தாலும் ஒன் பேருக்குத்தான் வரும். எங்க கவுண்டர்ல அந்த நோட்டீஸ கைல சுருட்டி வச்சிக்கிட்டு ‘அவரு கட்டிட்டேன்னுதான்ம்மா சொன்னாரு’ன்னு நிக்க பொம்பளைங்கள நான் பாக்காத மாசமே கெடையாது. அப்ரைசர் அண்ணாச்சி அவங்க மொகத்த பாக்க மாட்டாரு, தராச தொடைச்சிக்கிட்டே இருப்பாரு.

இப்ப அவன் வாங்கப்போற லோனுக்கு ஒன்ன ஜாமீன் போட சொல்லுதான்னு போன வாரம் நீயே சொன்ன, அதான் வெசனம் கூடிட்டு. ஜாமீன்னா சும்மா சாட்சிக் கையெழுத்து மாதிரின்னு எல்லாரும் நெனைக்காங்க, அப்பிடி இல்ல. 1872-ல போட்ட கான்ட்ராக்ட் ஆக்ட்லயே 128வது பிரிவுல இருக்கு, பத்திரத்துல வேற மாதிரி எழுதலன்னா வாங்குனவனுக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. அவன்ட்ட கேட்டு முடிச்சிட்டுதான் ஒன்ட்ட வரணும்னு பேங்குக்கு ஒரு கட்டாயமும் கெடையாது. அவன் ட்யூ கட்டாம விட்டா ஒன் சிபில்லயும் கை வைக்கும், நாளைக்கு நீ வீட்டு லோனுக்கு போய் நிக்கப்ப தெரியும். போடாதன்னு சொல்லல, சம்பாதிக்கவ நீ, கையெழுத்தும் ஒன்னுதுதான். போடுததுக்கு முன்னாடி பேப்பர படிச்சிப் பாக்கணும்னு தோணுச்சுன்னா கொண்டா, கவுண்டர மூடிட்டு ரெண்டு பேரும் ஒக்காந்து வரி வரியா பாப்போம், அவனும் கூட வந்தாலும் சரிதான்.

அவன் கெட்டவன்னு என்னால அடிச்சி சொல்ல முடியாது, நான் பாத்ததும் நீ சொன்னதும்தான் என்ட்ட இருக்கு, அவன் கூட இருக்கவ நீ, எனக்கு தெரியாதது ஒனக்கு நெறைய தெரியும். நான் நெனைக்கது தப்புன்னா நல்லது, எனக்கு சந்தோசந்தான். நாளைக்கே தேதி குறிச்சாலும் நெல்லையப்பர் கோயிலோ வேற எங்கயோ, மொத ஆளா வந்து ஒனக்கு பூ வச்சிவிடுதவ நான்தான், மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டு ஓரமா நிக்க மாட்டேன். ஒருவேள என்னைக்காவது ஒரு மாதிரி ஆயிட்டுன்னா ‘நீ அப்பவே சொன்னியே’ன்னு கூசிக்கிட்டு என்ட்ட வராம இருந்துராத, அது ஒண்ணுதான் எனக்கு பயம்.

இதுக்கு பதில் போடணும்னு இல்ல. கோவம் வந்தா ரெண்டு நாள் பேசாம இரு, திட்டணும்னா திட்டு, வாங்கிக்கிடுதேன்.

ஞாயித்துக்கெழம பாளை மார்க்கெட்டுக்கு போறேன், ஒங்கம்மா கருப்பட்டி கேட்டாங்கல்லா, எவ்வளவு வேணும்னு மட்டும் கேட்டு சொல்லு.