ஒப்பந்தம் எப்போது செல்லும்? நம் பாடநூல் வழக்குகளோடு ஒரு விளக்கம்

முத்திரைத்தாளும் கையெழுத்தும் இருந்தால்தான் ஒப்பந்தம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பொதுவாக அப்படிக் கேட்பதில்லை. தேங்காய்க் கடையில் "பத்து காய் கொடுங்க" என்று சொல்லிப் பணத்தை நீட்டுவதும் ஒப்பந்தம்தான். சட்டம் கேட்பது வேறு சில விஷயங்களை. தகுதி உள்ளவர்கள், தங்கள் சொந்த இசைவோடு, சட்டம் ஏற்கும் மறுபயனுக்காகவும், அதாவது வாக்குக்கு ஈடாகத் தரப்படும் ஒன்றுக்காகவும், சட்டம் ஏற்கும் நோக்கத்துக்காகவும் செய்த உடன்பாடு, சட்டமே செல்லாது என்று ஒதுக்கிய வகையில் சேராமல் இருந்தால், அது ஒப்பந்தம். 10-ஆம் பிரிவின் சாரம் இதுதான். மனப்பாடம் செய்தால் பரீட்சை முடிந்ததும் மறந்துபோகும். வழக்கோடு படித்தால் நிற்கும்.

முதலில் லால்மன் சுக்லா வழக்கு. கௌரி தத் என்பவரின் உடன்பிறந்தவர் மகனான சிறுவன் 1913 ஜனவரியில் காணாமல் போகிறான். தேடி வரச் சொல்லிக் கணக்குப்பிள்ளை லால்மனை ஹரித்வாருக்கு அனுப்புகிறார்கள். அவர் போன பிறகு, கண்டுபிடிப்பவருக்கு 501 ரூபாய் பரிசு என்று துண்டறிக்கை வெளியாகிறது. லால்மனோ அதைப் பற்றித் தெரியாமலேயே ரிஷிகேஷில் பையனைக் கண்டுபிடித்துவிடுகிறார். பிறகு பரிசைக் கேட்டு வழக்குப் போடுகிறார். அலகாபாத் உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. தெரியாத முன்மொழிவை ஏற்பது எப்படி? தேடுவது ஏற்கெனவே அவர் வேலையாகவும் இருந்தது. எனக்கு இன்றும் லால்மன் மேல் இரக்கம் உண்டு. ஆனாலும் தீர்ப்பு சரிதான்: முன்மொழிவு தெரிந்து, அதற்காகச் செய்வதே ஏற்பு.

இதோடு சேர்த்துப் படியுங்கள், 1893-ஆம் ஆண்டின் கார்லில் வழக்கை. புகையை மூக்கால் இழுக்கும் மருந்தான தங்கள் புகை உருண்டையைத் தினம் மூன்று முறை, இரண்டு வாரம் பயன்படுத்தியும் ஃபுளூ வந்தால் 100 பவுண்டு தருவதாக லண்டன் கம்பெனி ஒன்று விளம்பரம் செய்தது. வங்கியில் 1000 பவுண்டு போட்டு வைத்திருப்பதாகவும் சொன்னது. கார்லில் அம்மையார் விளம்பரத்தைப் படித்து, வாங்கிப் பயன்படுத்தினார், காய்ச்சல் வந்தது. "சும்மா விளம்பரம்தானே" என்ற வாதம் எடுபடவில்லை. போட்டு வைத்த பணமே கம்பெனியின் எண்ணத்தைக் காட்டிக்கொடுத்தது.

எண்ணம் என்றதும் பால்ஃபர் வழக்கு. இலங்கையில் அரசு வேலை பார்த்த கணவர், உடல்நலம் காரணமாக இங்கிலாந்திலேயே தங்கிய மனைவிக்கு மாதம் 30 பவுண்டு அனுப்புவதாகச் சொன்னார். பின்னர் உறவு முறிந்து, மனைவி வழக்குப் போட்டார். 1919-இல் நீதிமன்றம், வீட்டுக்குள் கணவன் மனைவி பேசிக்கொள்வது நீதிமன்றம் போகும் எண்ணத்தோடு பேசுவதல்ல என்றது.

மறுபயனில் நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் சின்னய்யா வழக்கை நிதானமாகப் பாருங்கள். ஒரு மூதாட்டி மகளுக்குச் சொத்தைத் தானமாக எழுதிக்கொடுத்து, தன் சகோதரருக்கு வருடம் 653 ரூபாய் கொடு என்கிறார். மகளும் அதே நாளில் மாமாவுக்குத் தனியாக எழுதிக்கொடுக்கிறார். பிறகு, "மாமா எனக்கு என்ன தந்தார்?" என்று மறுக்கிறார். மாமா எதுவும் தரவில்லை, உண்மை. சொத்தைத் தந்தது தாய். ஆனால் நம் சட்டத்தில் மறுபயன் "வாக்குப் பெற்றவரோ வேறு எவருமோ" தரலாம். அந்த "வேறு எவருமோ" மாமாவைக் காப்பாற்றியது. இங்கிலாந்துச் சட்டம் இந்த இடத்தில் வேறு வழி போகிறது. விடைத்தாளில் இரண்டையும் குழப்பாதீர்கள்.

தகுதிக்கு மோகரி பீபி வழக்கு, 1903. தர்மதாஸ் கோஷ் என்ற மைனர், கல்கத்தாவில் 20,000 ரூபாய்க்குச் சொத்தை அடமானம் வைத்தார். அவர் மைனர் என்று தாயின் தரப்பிலிருந்து போன கடிதம், கடன் கொடுத்தவரின் வழக்கறிஞர் கையில் முன்பே இருந்தது. அன்று இந்திய வழக்குகளுக்கு லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில், மைனரின் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று சொல்லி, கொடுத்த பணத்தைத் திருப்பித் தரச் சொல்லவும் மறுத்துவிட்டது.

நோக்கத்துக்கு 1959-ஆம் ஆண்டின் கெருலால் பாரக் வழக்கு போதும்: பந்தய உடன்பாடு செல்லாது, ஆனால் அது சட்டவிரோதமானதல்ல. அதனால் பந்தயத்துக்காகச் சேர்ந்த கூட்டு செல்லும் என்றது உச்ச நீதிமன்றம்.

இசைவைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ரங்கநாயகம்மா வழக்கில் பதின்மூன்று வயது விதவை. கணவரின் உடல் வீட்டில் கிடக்கிறது. ஒரு பையனைத் தத்தெடுத்தால்தான் உடலை எடுக்க விடுவோம் என்று உறவினர் தடுக்கிறார்கள், அவள் ஒப்புக்கொள்கிறாள். அது தத்து பற்றிய வழக்குதான், ஆனாலும் இசைவு என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. வாய் சரி என்றது; மனம் இசையவில்லை. தத்து செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஒப்பந்தத்திலும் இப்படி மிரட்டி வாங்கிய இசைவு இருந்தால், மிரட்டப்பட்டவர் விரும்பினால் அதை விலக்கிவிடலாம். மைனரின் ஒப்பந்தத்தைப் போல அது பிறக்கும்போதே செத்ததல்ல.